பெருநாள் போட்டோவும் எங்கள் வாசல் நிலையும்

பெருநாள் நெருங்குகிறது. இந்த முறையாவது "வருடா வருடம் ஒரே மாதிரி ஒரு போட்டோ" என்று ஆரம்பிக்க நினைக்கும் நண்பர்களுக்காக, எங்கள் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு கருத்து.

2018 நோன்புப் பெருநாள் காலையில் ஆரம்பித்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது. விறாந்தையில் வாசல் நிலைக்கு முன்னால் அவள், பக்கத்தில் என் வாப்பா, மறுபக்கம் உம்மா. மூவரும் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்க வேண்டும். அவ்வளவுதான் போஸ். பிள்ளையைத் தூக்கி வைத்து எடுக்கவில்லை. பத்து வயதிலும் செய்யக்கூடிய போஸாக இருந்தால்தானே தொடரலாம்?

வாசலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது வளராது. பிள்ளையின் தலை பூட்டுக்குக் கீழே நின்றதா, மேலே வந்ததா என்று அடுத்த வருடம் படமே சொல்லிவிடும். பூச்செடிக்கு முன்னால் எடுத்தால் செடியும் சேர்ந்து வளர்ந்துவிடும்.

2019இல் பிழைத்தது. மச்சான் நின்றபடியே போனைக் கீழே சாய்த்து எடுத்தார். படத்தில் மகளுக்குத் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருந்தது. ஒரு வருடம் வளர்ந்த பிள்ளை வளராதவள் போலத் தெரிந்தாள். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு இலகுவான வழி உண்டு. நிலையின் இரண்டு பக்கக் கட்டைகளையும் பாருங்கள். அவை கீழே போகப் போக நெருங்கினால் கமரா சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். வாசலிலிருந்து ஏழு அடி தள்ளித் தரையில் சின்னதாகப் பெயின்ட் அடையாளம். அதில் ஒரு கதிரை, மேலே ஒரு பெட்டி, போன் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் செங்குத்தாக. ஸூம் இல்லை. பத்து செக்கன் டைமர். யார் எடுத்தாலும் ஒரே படம்தான் வரும்.

பெருநாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறை வருடம் ஏறத்தாழ பதினொரு நாள் குறைவு. 2018இல் ஜூன் நடுவில் வந்த பெருநாள் 2025இல் மார்ச் கடைசியில் வந்தது. பிள்ளையின் வளர்ச்சியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பிறந்த தேதியே நல்லது. ஆனால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள் பெருநாள்தான். அதனால் அல்பத்தில் படத்துக்குக் கீழே ஆங்கிலத் தேதியையும் எழுதி வைக்கிறோம். வெயில் விழும் பக்கமும் மாதத்துக்கு மாதம் மாறும். விறாந்தை நிழலில் எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு.

2020 பெருநாள் ஊரடங்கில் போனது. புது உடுப்பு இல்லை, விருந்தாளி இல்லை. ஆனாலும் போட்டோ எடுத்தோம்.

2021 படத்தை எடுத்த அன்று யாரும் எதையும் கவனிக்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் வாப்பா மௌத்தானார். பிறகுதான் நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் வாப்பாவின் கை தொங்கிக்கொண்டிருக்கிறது. 2020இல் அந்தக் கை நிலைக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 2021இல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சேர்ட்டின் கழுத்தும் தொளதொளத்துவிட்டது. தினமும் பார்த்த எங்கள் கண்ணுக்கு இது தெரியவில்லை. மகள் வளர்வதைப் பார்க்க ஆரம்பித்த படம், வாப்பா தளர்ந்ததையும் பதிந்து வைத்திருந்தது. போஸ் வருடத்துக்கு வருடம் வேறாக இருந்திருந்தால் அந்தக் கையை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

2022இல் உம்மா, "இனி எதுக்கு மகன் இந்தப் படம்?" என்றார். கடைசியில் அவரே வந்து தன் இடத்தில் நின்றார். வாப்பாவின் இடத்துக்கு யாரும் நகரவில்லை.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் நிக்கலஸ் நிக்சன் 1975 முதல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் நாற்பது வருடங்களுக்கு மேல் படமெடுத்தார். இடமும் உடுப்பும் மாறின. நால்வரும் நிற்கும் வரிசை மாறவில்லை. ஆர்ஜென்டினாவின் டியாகோ கோல்ட்பர்க் 1976 முதல் ஒவ்வொரு ஜூன் 17இலும் தன் வீட்டார் ஒவ்வொருவரின் முகத்தையும் தனித்தனியே எடுத்தார். இருவரும் மாறாத ஒன்றை முதலில் முடிவு செய்தார்கள். மாறியதெல்லாம் அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

என் கருத்து இதுதான். பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களையும் பக்கத்தில் நிறுத்துங்கள். படத்தை எடுத்துவிட்டுப் போனில் போட்டு மறந்துவிடாமல், ஒவ்வொரு வருடமும் போன வருடத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அன்றைக்கே பாருங்கள். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம். செய்திருந்தால் 2020இலேயே வாப்பாவிடம், "ஏன் கட்டையைப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டிருப்பேன்.