‘இந்த அட்ரஸ்ல ஜிஎஸ்டி எடுத்துக்கட்டுமா சார்?’ - ஹவுஸ் ஓனரிடம் இப்படிக் கேளுங்க!

தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் வாசகி ஒருவருக்கு வந்த சிக்கல் இது. ஈரோட்டிலிருந்து நைட்டி வரவழைத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஆன்லைன் ஷாப்பிங் தளத்தில் சேர்ந்து வெளிமாநிலங்களுக்கும் விற்கலாம் என்று இறங்கியபோது, ஜிஎஸ்டி எண் கேட்டார்கள். தளம் வழியாக வெளிமாநிலத்துக்குத் துணி விற்க, வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவுக்குத் தொழில் நடக்கும் முகவரி வேண்டும். வீடோ ஓனருடையது.

கேட்டதும் ஓனர் சொன்ன பதில், “அதெல்லாம் வேணாம்மா. நாளைக்கு ஆபீசருங்க என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.”

அவர் மறுத்ததில் எனக்கு ஆச்சர்யமில்லை. வாசகி கையெழுத்துக் கேட்டு நீட்டிய கடிதத்தில் இருந்தது ஒரே வரி: ‘மேற்படி வீட்டில் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை.’ என்ன தொழில், எத்தனை நாளைக்கு, காலி செய்தால் என்ன ஆகும் என்று எதுவுமே இல்லை. நாளைக்கே ஹாலில் மாவு மெஷின் போட்டாலும் அந்த வரி செல்லும். வீடு வைத்திருக்கும் யார்தான் இதில் கையெழுத்துப் போடுவார்கள்?

சரி, இந்தக் கடிதம் அவசியம்தானா? ஜிஎஸ்டி பதிவுக்கு என்னென்ன ஆவணம் கேட்கலாம் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரலில் தன் அதிகாரிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. அதன்படி வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தமும், இடம் ஓனருடையது என்று காட்ட சொத்து வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது போல ஏதாவது ஒன்றும் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருந்தால் ஓனரின் அடையாள அட்டை நகலும் சேரும். நம் ஊரில் பெரும்பாலும் பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம்தானே, அதனால் அடையாள அட்டை நகலையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். ஓனரின் போட்டோ, அவர் வீட்டு முன் நிற்கும் படம் என்றெல்லாம் கேட்கக் கூடாது என்றும் அதே அறிவுறுத்தல் சொல்கிறது.

அப்படியானால் ஒப்பந்தம் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு? ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்’ என்ற வரி அநேகமாக இருக்கும். ஓனருக்குத் தெரியாமல் அதையே பதிவேற்றினால் வரி அலுவலகமும் கேள்வி கேட்கலாம், ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக ஓனரும் சொல்லலாம். இரண்டாவதுதான் பெரிய தலைவலி. கடிதம் ஜிஎஸ்டி ஆபீஸுக்காக மட்டுமல்ல, உங்கள் குடித்தனத்துக்கும் பாதுகாப்பு.

ஓனரின் பயங்களுக்கு வருவோம். முதல் பயம் வரி பாக்கி. பதிவு வாசகியின் பான் எண்ணில் நடக்கிறது. பாக்கி வந்தால் அது அவருடையது, முகவரி கொடுத்ததற்காக ஓனர் கட்ட வேண்டியதில்லை. அடுத்தது கரன்ட் பில். ஜிஎஸ்டி எண் வாங்கியதாலேயே வீட்டு இணைப்பு கமர்ஷியலாக மாறிவிடாது. மின் கட்டண வகை, இடம் எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால், வீடு கடையாகவோ குடோனாகவோ மாறினால் ஓனரின் பயம் நியாயமானது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரமும் போய்விடும், சொத்து வரியும் கூடலாம். ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று மழுப்பாமல், ‘ஒரு அறையில் பேக்கிங் மட்டும்தான்’ என்று எழுதிக் கொடுப்பதே சரி.

ஆபீசர் வருவாரா? வரலாம். ஆதார் சரிபார்ப்பு முடித்தவர்களுக்குக்கூட, தேவைப்பட்டால் நேரில் வந்து பார்க்க விதி இருக்கிறது. வந்தால் தொழில் முகவரி உண்மையா என்றுதான் பார்ப்பார். இதை முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு ஓனருக்குத் தெரிந்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

வாசகிக்கு நாங்கள் மாற்றி எழுதிக் கொடுத்த கடிதம் இது:

“மேற்படி முகவரியில் முதல் மாடி வீட்டின் உரிமையாளர் நான். என்னிடம் வாடகைக்குக் குடியிருக்கும் திருமதி ______, ஆயத்த ஆடைகளை ஆன்லைனில் விற்கும் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு பெற, இந்த முகவரியைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். வீட்டில் ஓர் அறையில் ஆடைகளை வைத்து பேக்கிங் செய்வது மட்டுமே நடக்கும். இயந்திரங்கள், வேலையாட்கள், நேரடி விற்பனை கிடையாது. காம்பவுண்ட் கேட்டில் பெயர்ப் பலகை வைக்கப்படாது. இந்தச் சம்மதம் வாடகை ஒப்பந்தம் உள்ளவரை மட்டுமே. இதனால் அவருக்கு வீட்டின் மீது வேறு எந்த உரிமையும் ஏற்படாது.”

கீழே இருவர் கையெழுத்து, தேதி. தமிழில் எழுதி ஓனரிடம் படித்துக் காட்டுங்கள். பதிவேற்ற ஆங்கிலத்திலும் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்ப் பலகை விஷயத்தை ஏன் சேர்த்தோம் என்றால், பதிவு பெற்றவர் தொழிலிடத்தின் நுழைவாயிலில் ஜிஎஸ்டி எண்ணுடன் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. பலரும் இதை ஓனரிடம் சொல்வதே இல்லை. உங்கள் போர்ஷன் கதவில் சின்னதாக மாட்டுவதாகப் பேசி முடித்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடும் எவருக்கும் இந்த முகவரி தெரியும். அதையும் சொல்லிவிடுவது மரியாதை.

கடிதம் வாங்கியாயிற்று. இனி விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரிலும் கதவு எண்ணிலும்தான். வாசகி வீட்டு மின் இணைப்பு, ஓனரின் காலமான அப்பா பெயரில் இருந்தது. சொத்து வரி ரசீதோ ஓனர் பெயரிலேயே இருந்ததால், மின் ரசீதை விட்டுவிட்டு அதைக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், ரசீதில் புது எண். கடிதத்தில் இரண்டையும் சேர்த்து எழுதியதில் அது சரியானது. விண்ணப்பத்தில் ‘Nature of possession’ என்ற இடத்தில், ஒப்பந்தம் இருப்பதால் ‘Rented’ என்று தேர்ந்தெடுத்தார். ஒப்பந்தமே இல்லாமல் உறவினர் வீட்டில் இருப்பவர்கள் ‘Consent’ என்று போடலாம். அதிகாரி கூடுதல் விளக்கம் கேட்டால் REG-03 என்ற நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும், மெயிலைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பதிவு கிடைத்த பிறகு ஒரு விஷயத்தில் கவனம். வாடகையைத் தொழில் செலவாகக் கணக்கில் எழுதாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுள்ளவர் எடுக்கும் குடியிருப்பு வாடகைக்கு 18% வரியை, வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும் என்று 2022 ஜூலையில் விதி வந்தது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர், தான் குடியிருக்கச் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் எடுத்த வீடாக இருந்தால் இந்த வரி இல்லை. அதனால் ஒப்பந்தம் கடைப் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

வாசகியின் ஓனர் கையெழுத்துப் போடும் முன் கேட்ட கடைசிக் கேள்வி, “நீ காலி பண்ணிட்டுப் போனப்புறம் என் அட்ரஸ் அதிலேயே கெடக்குமா?” நீங்கள் மாற்றாவிட்டால் கிடக்கும். நோட்டீஸும் அங்கேதான் போகும். தொழில் முகவரி மாறினால் 15 நாள்களுக்குள் ஜிஎஸ்டி தளத்தில் திருத்த விண்ணப்பம் போட வேண்டும் என்பதால், ‘காலி செய்த 15 நாள்களுக்குள் முகவரியை மாற்றி, திருத்திய சான்றிதழின் நகலை உரிமையாளருக்கு அனுப்புவேன்’ என்று வாசகி கடிதத்தின் அடியில் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஓனர் கையெழுத்துப் போட்டார். அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது அந்த நகலைக் கேட்பேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.