மௌனம் சம்மதமா?

பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் அமர்ந்திருப்பர். காப்பித் தட்டை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற பெண்ணிடம் யாரும் ஒன்றும் கேளார். அவளும் ஒன்றும் சொல்லாள். "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று பெரியவர் ஒருவர் தீர்ப்பளித்துவிடுவார், தாம்பூலம் மாறிவிடும். இந்த வழக்கத்தைக் கதையிலும் மேடையிலும் கண்டித்து எழுதாத தமிழ் எழுத்தாளர் இல்லை. அதே தீர்ப்பை ஓர் அரசு தன் குடிமக்கள் அனைவர்மீதும் வழங்கும்போது மட்டும் அது அறிவியல் என்றும், நல்லாட்சியின் நுட்பம் என்றும் பாராட்டப்படுகிறது. பாராட்டுவதற்கு முன் அந்த நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று உற்றுநோக்குதல் தகும்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் வெளியிட்ட நூல் ஒன்று 'நட்ஜ்' என்னும் சொல்லை உலகெங்கும் பரப்பியது. முழங்கையால் மெல்ல இடித்து ஒருவரை ஒரு பக்கம் திருப்புதல் என்பது அதன் பொருள். 2010இல் பிரிட்டிஷ் அரசு இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. கட்டளையிடாமல், தண்டிக்காமல், ஒரு படிவத்தை வேறு விதமாக அமைத்தும், உரிய நேரத்தில் ஒரு நினைவூட்டலை அனுப்பியும் மக்களின் நடத்தையை மாற்றலாம் என்பது இத்துறையினரின் கொள்கை. அவர்களுடைய கருவிகளுள் வலிமை மிக்கது முன்னமைப்பு. குடிமகன் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டால் எது நடக்குமோ, அதுவே முன்னமைப்பு.

பள்ளியில் சுற்றுலாப் படிவம் கொடுத்துப் பழகிய ஆசிரியர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. "வர விரும்புவோர் கையொப்பமிட்டுத் தருக" என்றால் பாதிப் படிவங்கள் புத்தகப் பையிலேயே மடங்கிக் கிடக்கும். "வர விரும்பாதோர் மட்டும் கையொப்பமிட்டுத் தருக" என்றாலும் அதே பாதிப் படிவங்கள் பையில் கிடக்கும். ஆனால் இம்முறை பேருந்து நிறைந்துவிடும். மாணவர் மனம் மாறவில்லை. மாறியது மறதியின் பொருள்.

சிங்கப்பூரில் இக்கருவி நூலும் குழுவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே சட்டமாகிவிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் உடலுறுப்பைத் தர விரும்புவோர் தாமே முன்வந்து எழுதித் தரவேண்டும். முன்வந்தோர் மிகக் குறைவு. சிறுநீரகத்திற்குக் காத்திருந்தோரோ பலர். எனவே 1987இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விபத்தில் இறக்கும் 21 முதல் 60 வயது வரையிலான குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வேண்டாம் என்று எழுதித் தந்திராவிட்டால், சிறுநீரகம் தர இசைந்தவராகவே கொள்ளப்பட்டனர். முஸ்லிம்கள் அப்போது விலக்கப்பட்டிருந்தனர். 2004இல் எவ்வகை இறப்பாயினும் சட்டம் பொருந்தும் என்றாயிற்று. கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவை சேர்க்கப்பட்டன. 2008இல் முஸ்லிம்களும் உட்பட்டனர். 2009இல் 60 வயது என்னும் மேல்வரம்பும் நீங்கியது. ஒவ்வொரு முறையும் வட்டம் விரிந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

உறுப்புத் தானம் தவறென்று இங்கே யாரும் வாதிடவில்லை. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருவோரின் வாழ்வை அருகிருந்து கண்டவர் எவரும் அவ்வாறு வாதிடார். கேள்வி வேறு. மிகச் சிலரே விலகியிருக்கின்றனர், ஆகவே மற்றையோர் அனைவரும் உடன்பட்டுவிட்டனர் என்று முன்னமைப்பின் ஆதரவாளர் கூறுகின்றனரே, அது உண்மையா என்பதே கேள்வி.

அவர்கள் பெருமையுடன் எடுத்துக்காட்டும் ஆய்வு எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்டது. ஜெர்மனியில் தானே இணையவேண்டும். இணைந்திருந்தோர் நூற்றுக்கு 12 பேர். அண்டை நாடான ஆஸ்திரியாவில் தானே விலகவேண்டும். விலகாதிருந்தோர் நூற்றுக்கு 99க்கும் மேல். ஒரே மொழி பேசும் இரு நாட்டு மக்களின் ஈகைக் குணம் எல்லைக்கோட்டில் இப்படி மாறிவிடுமா? மாறாது. அந்த 99இல் பெரும்பகுதி படிவத்தின் சாதனையேயன்றி மக்களின் விருப்பம் அன்று. முன்னமைப்பு வலியது என்பதற்குக் காட்டும் சான்றே, அதன் விளைவை விருப்பமாகக் கொள்ளலாகாது என்பதற்கும் சான்றாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கூறுவோர் தம் வாதத்தைத் தாமே அறுக்கின்றனர்.

அதே ஆய்வாளர் 161 பேரிடம் ஒரு சோதனையும் செய்தனர். தானே இணையவேண்டும் என்ற அமைப்பில் 42 விழுக்காட்டினர் தானத்திற்கு இசைந்தனர். தானே விலகவேண்டும் என்ற அமைப்பில் 82 விழுக்காட்டினர். மூன்றாவது பிரிவினர்க்கு முன்னமைப்பே இல்லை. 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லியே ஆகவேண்டும். அவர்களுள் இசைந்தோர் 79 விழுக்காட்டினர்! நேராகக் கேட்டாலே கிடைத்திருக்கக்கூடியதைக் கேளாமல் எடுத்துக்கொள்வானேன்? தேலரே, இசைவை ஊகித்துக்கொள்வதைவிட மக்களைக் கேட்டுப் பதிவதையே தாம் விரும்புவதாகப் பலமுறை எழுதியிருக்கிறார். நூலைப் புகழ்வோர் அப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகின்றனர் போலும்.

இது கற்பனைக் கேள்விக்குத் தரப்பட்ட விடைதானே என்று எதிர்வாதம் எழலாம். அது நேர்மையான எதிர்வாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1990களில் ஓட்டுநர் உரிமம் பெறுவோரைக் கட்டாயமாகக் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் நால்வர் 'வேண்டாம்' என்றனர். அவ்விதி 1997இல் கைவிடப்பட்டது. ஆனால் அது எதை மெய்ப்பிக்கிறது? வரிசையில் நின்று களைத்தவனிடம், விளக்கம் ஏதுமின்றி, சாவைப் பற்றித் திடீரென்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்வான். கேட்பது தவறு என்று அது காட்டவில்லை. கேட்ட முறை தவறு என்றே காட்டுகிறது.

இனி, சிங்கப்பூர்ச் சட்டத்தின் மற்றொரு கூறு. விலகியவருக்கு நாளை ஓர் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் அவர் பின்னுக்குச் செல்கிறார். விலகலைத் திரும்பப் பெற்றாலும் பழைய இடம் மீள ஈராண்டு செல்லும். கொடுக்க மறுப்பவன் பெறுவதில் பிந்துவது நீதியே என்பர். இருக்கலாம். ஆனால் அது இனி முழங்கை இடிப்பு அன்று, பேரம். விலகும் வழி எளிதாகவும் இழப்பின்றியும் இருக்கும்வரைதான் மென்மையான தூண்டல் என்று அதன் ஆசிரியர்களே வரையறுத்தனர். பேரம் என்றால் இரு தரப்பாரும் அதை அறிந்திருக்க வேண்டும். படித்துப் பார்த்து விலகியவன் தண்டம் செலுத்துகிறான். படிக்காமலே கிடந்தவன் முன்னிற்கிறான். இது ஈகைக்குப் பரிசா, கவனக்குறைவுக்குப் பரிசா?

அந்த அறிவிப்பு மடல் எப்போது வருகிறது? 21 வயது நிறைகையில். கட்டாயப் படைச் சேவையை முடித்தவன், பல்கலைக்கழகத்தில் நுழைந்தவள், முதல் வேலைக்கு விண்ணப்பித்தவன் ஆகியோரின் கைக்கு அது மற்ற மடல்களோடு மடலாக வந்து சேர்கிறது. சாவு அவர்கள் சிந்தையில் இல்லாத பருவம் அது. மேசை இழுப்பறையில் போட்டு மறக்கின்றனர். அம்மறதி ஐம்பது ஆண்டு செல்லுபடியாகும் கையொப்பமாகிறது. பெற்றோரிடம் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

பேசாமையின் விலை மருத்துவமனையில்தான் தெரியவருகிறது. உறுப்பு எடுப்பது பெரும்பாலும் மூளைச் சாவுற்றவரிடமிருந்து. செயற்கைச் சுவாசக் கருவியால் மார்பு ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது, இதயம் துடிக்கிறது. மருத்துவர் இறந்துவிட்டார் என்கிறார். தாயின் கண் இல்லை என்கிறது. காலம் தாழ்த்தினால் உறுப்புகள் கெடும். 2007இல் இத்தகைய ஒருவரின் குடும்பத்தார் இன்னும் சற்றுப் பொறுக்குமாறு மண்டியிட்டு மன்றாடினர். மருத்துவமனை ஒரு நாள் பொறுத்தது. பின்னர்ச் சட்டப்படி உறுப்புகள் எடுக்கப்பட்டன. குடும்பத்தார் மறுத்தாலும் தடுக்க இயலாது என்பதே சிங்கப்பூர்ச் சட்டம். மருத்துவர்மேல் குற்றமில்லை. காத்திருந்த நோயாளிமேலும் குற்றமில்லை. இறந்தவர் தம் வாயால் ஒருமுறை "ஆம், கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால், அந்தக் கூடத்தில் அத்துணைக் கண்ணீர் சிந்தியிருக்குமா? மௌனத்தை இசைவாகக் கொண்ட சட்டம் உறவினர்க்குக் காட்ட ஒரு சொல்லையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவும் தாங்கிக்கொள்ளத்தக்கதே, உறுப்புகள் பெருகுகின்றனவே என்பர். அதுவும் முழு உண்மை அன்று. உறுப்புத் தானத்தில் முன்னணியில் இருக்கும் ஸ்பெயின் நாட்டில் ஊகித்த இசைவுச் சட்டம் 1979 முதல் உண்டு. ஆனால் பத்தாண்டு வரை அச்சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 1989இல் ரஃபேல் மட்டேசன்ஸ் தலைமையில் தேசிய அமைப்பொன்று தோன்றி, மருத்துவமனைதோறும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரையே ஒருங்கிணைப்பாளராக அமர்த்தி, குடும்பத்தாரிடம் பரிவுடன் பேசப் பயிற்றுவித்த பின்னரே எண்ணிக்கை உயர்ந்தது. அங்கே இன்றும் குடும்பத்தாரைக் கேட்கின்றனர். இன்று பத்து இலட்சம் மக்களுக்கு 40க்கும் மேற்பட்ட இறந்தோர் கொடை அந்நாட்டில் ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஸ்பெயினைவிடக் கடுமையான சட்டமுள்ள சிங்கப்பூரில் அது ஒற்றை இலக்கத்தைச் சுற்றியே நிற்கிறது. இங்கிலாந்து 2020 மே மாதம் ஊகித்த இசைவுக்கு மாறியது. அதன்பின் குடும்பத்தார் இசையும் விழுக்காடு முன்பைவிடக் குறைந்தது. படிவம் உறுப்பைத் தருவதில்லை. மனிதர் தருகின்றனர்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் தாமே இணையவேண்டும். இணைந்தோர் தொகை சிறிது. அதைக் காட்டிச் சிங்கப்பூர் முறையே சிறந்தது என்பது, பட்டினியைக் காட்டிக் கட்டாய உணவை நியாயப்படுத்துவது போன்றது. இரண்டுக்கும் இடையே வழி உண்டு.

தூண்டலை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அது பலிக்காது என்ற அச்சம் நிர்வாகிகளிடம் நெடுநாள் இருந்தது. ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் உடன்பணியாளரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பெரிதும் தகர்த்தது. இறுதிக்காலச் சிகிச்சை குறித்த படிவத்தில் ஒரு விடையை முன்னமைத்து, அவ்வாறு முன்னமைத்திருக்கிறோம் என்று மக்களிடம் கூறியபோதும் அதன் வலிமை மிகுதியாகக் குறையவில்லை. அப்படியானால் மறைப்பதற்கு இருந்த ஒரே காரணமும் நீங்கியது.

சிங்கப்பூரில் ஒவ்வொருவரும் 30 வயதிலும் 55 வயதிலும் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த இரு வேளைகளிலும் அவரவர் தாய்மொழியில் ஒரு பக்கத் தாள் நீட்டப்படலாம்: "ஒன்றும் சொல்லாவிட்டால் உங்கள் உறுப்புகள் எடுக்கப்படும். விலகினால் பட்டியலில் பின்னிற்பீர்கள். மூளைச் சாவு என்பது இது. உங்கள் விருப்பம் என்ன? வீட்டாரிடம் சொல்லிவிட்டீர்களா?" இரு கட்டங்கள், ஒரு கையொப்பம். விடையளிக்காதவர்க்குப் பழைய முன்னமைப்பே தொடரட்டும். அதற்கு ஆகும் செலவு தாளும் ஐந்து நிமிடமும். 30 வயதில் பிள்ளை பெற்றவர்களும், 55 வயதில் பெற்றோரைப் புதைத்தவர்களும் எரித்தவர்களும் அக்கேள்விக்குத் தரும் விடை, 21 வயதின் இழுப்பறையில் கிடக்கும் மடலைவிட எடை மிக்கதாக இருக்கும்.