சுகநலப் பகுதி: புத்தாண்டு வாழ்த்தும் ஒரு பல் வைத்தியக் குறிப்பும்

சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு இப்பகுதிப் பல் வைத்திய நிலையத்தார் சங்க அங்கத்தவர்கள் யாவருக்கும், அவர்தம் குடும்பத்தினருக்கும் தமது மனமார்ந்த வாழ்த்துக்களைத் தெரிவித்துக் கொள்கின்றனர். வாழ்த்துடன் ஒரேயொரு குறிப்பையும் அனுப்பியுள்ளனர். பல் துலக்கி முடிந்ததும் பற்பசை நுரையைத் துப்பிவிடுங்கள். அதன்பின் தண்ணீரால் வாய் கொப்பளிக்காதீர்கள் என்பதே அது.

கேட்டவுடன் இது பலருக்கு ஒவ்வாது. பல் துலக்கினால் மூன்று நான்கு முறை கொப்பளிக்க வேண்டும் என்பது தமிழ் வீடுகளில் சிறு வயதிலேயே படிந்துவிடும் பழக்கம். உமிக்கரியும் உப்பும் வேப்பங்குச்சியும் கொண்டு துலக்கிய காலத்தில் அது சரியானதே. கரியும் நாரும் வாயில் தங்குவதால் எவ்வித நன்மையும் இல்லை.

இன்றைய பற்பசையின் நிலை வேறு. அதிலுள்ள புளோரைட்டு என்னும் பொருள் துலக்கும் இரண்டு நிமிடத்தோடு தன் வேலையை முடித்துக் கொள்வதில்லை. நாம் இனிப்பு உண்ணும்போது வாயிலுள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சிலிருந்து சுண்ணச் சத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்தச் சத்தைத் திரும்பவும் பல்லில் சேர்க்கிறது. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைட்டு கலந்திருந்தால் அவ்வேலை விரைவாக நடக்கும். சேர்ந்த பூச்சும் உறுதியாக இருக்கும். ஒரு தம்ளர் தண்ணீரால் கொப்பளித்தால் அந்தப் புளோரைட்டு பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். நித்திரையில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், இரவில் துலக்கும்போது இதைக் கவனிப்பது மிகவும் முக்கியம்.

வருடப்பிறப்பு இரவையே எடுத்துக்கொள்ளலாம். கோயிலிலிருந்து வீடு திரும்ப ஒன்பது மணி. ஏழு வயதுப் பையன் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டு, காரில் ஒரு லட்டும் சாப்பிட்டிருக்கிறான். வெறுந்தண்ணீரால் கொப்பளிக்க வேண்டிய நேரம் இதுதான். துலக்குவதற்கு முன்பே பையன் வேண்டிய மட்டும் கொப்பளிக்கட்டும். பின்பு பட்டாணியளவு பற்பசை இட்டு, தாயோ தகப்பனோ பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் துலக்குவிக்க வேண்டும். நுரையை இரண்டு மூன்று முறை நன்றாகத் துப்பச் சொல்லி, உதட்டைத் துவாயால் துடைத்துவிட்டால் போதும். அதன்பின் பாலும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். பாட்டியார் "வாய் கழுவாமல் படுப்பதா?" என்று கேட்டால், முதலிலேயே கழுவியாயிற்று என்று சொல்லலாம்.

இந்த வயதில் ஒரு விசேட கவனம் தேவை. ஏறத்தாழ ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், அதுவும் விழுந்து முளைக்கும் பாற்பல் என்று பெற்றோர் பலர் எண்ணி விடுகின்றனர். அது ஆயுள் முழுவதற்குமான பல். கெட்டால் மறுபடி முளைக்காது.

குறிப்பின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். பற்பசைக் குழாயில் புளோரைட்டின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கும் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அது 1350 முதல் 1500 வரை இருக்க வேண்டும். புளோரைட்டு இல்லாத மூலிகைப் பற்பசையோ பற்பொடியோ பாவிப்பவர் கொப்பளித்தாலும் கொப்பளிக்காவிட்டாலும் வித்தியாசம் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மெல்லிய பூச்சளவே போதும். குழந்தைகள் பற்பசையை விழுங்கப் பழகக் கூடாது. கடையில் விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துநீரையும் துலக்கிய உடனே பாவிக்கக் கூடாது; அதில் புளோரைட்டு இருந்தாலும் பற்பசையிலுள்ளதைவிடக் குறைவே. மதிய உணவுக்குப் பின்போ வேறொரு நேரத்திலோ பாவிக்கலாம்.

ஈறோரத்தில் சுண்ணாம்பு போன்ற மங்கலான வெள்ளைத் தடம் தெரிந்தால், அது பற்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். அந்நிலையில் இந்தப் பழக்கத்தால் அதை நிறுத்தவும் கூடும். குழி விழுந்துவிட்டால் எந்தப் பற்பசையாலும் அதை அடைக்க முடியாது. பல் வைத்தியரிடம் செல்லவே வேண்டும். இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் கீழ் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பல் சிகிச்சை இலவசம். ஆதலால் பிள்ளைக்கு வலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பற்பசையின் சுவை வாயில் தங்குவது முதல் சில நாட்களுக்குச் சங்கடமாக இருக்கும். தண்ணீர்த் தம்ளரைக் குளியலறையிலிருந்து எடுத்து வைத்துவிட்டால் பழக்கம் எளிதில் மாறும் என்பது வைத்திய நிலையத்தாரின் யோசனை.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.