துறைமுக லிகிதருக்கு நான்கு வாரம்

திருகோணமலைத் துறைமுகத்தில் லிகிதராயிருந்துகொண்டே பகுதிநேரமாகச் சட்டம் பயிலும் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பொதுச் சட்ட வினாத்தாளுக்கு நான்கு வாரங்களே உள்ளன. நாளொன்றுக்கு ஒரு மணியாக வாரத்தில் ஐந்து நாளும், ஞாயிறன்று மூன்று மணியும் கிட்டுமாம். இரண்டாம் வாரம் இரவுக் கடமை. ஆக, முப்பத்திரண்டு மணி நேரம். அன்பருடைய ஊரோடு தொடர்புடைய வழக்கொன்றையே நாம் உதாரணமாகக் கொள்வோம்.

முதல் வாரம் அரசியலமைப்பை மட்டுமே படிக்குக. விளக்கவுரைகளைத் தொட வேண்டா. பாராளுமன்றக் கலைப்பு என்னும் தலைப்பாயின் 33, 62, 70, 126 ஆகிய உறுப்புரைகள். ஒன்றைப் படித்துப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதி, மூலத்தோடு ஒப்பிடுக. 2018இல் இருந்த 70ஆம் உறுப்புரையைப் பலர் "மூன்றில் இரண்டு" என்றெழுதி நிறுத்திவிடுவர். வாராத உறுப்பினரையும் சேர்த்த மொத்தத்தில் மூன்றில் இரண்டு என்பதே வாசகம். அஃதாவது 225இல் 150. இவ்விடுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

இரவுக் கடமை வாரத்தில் எழுத்து வேலை ஓடாது. வழக்கொன்றைப் படித்து, வீடு திரும்பும் வழியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே போதும். 2018 நவம்பர் 9இல் சனாதிபதி சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார். திருகோணமலை மாவட்ட உறுப்பினர் இரா. சம்பந்தனும் பிறரும் உயர் நீதிமன்றத்தை நாடினர். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அக்கலைப்புச் செல்லாதென்றனர்.

மூன்றாம் வாரமே உயிர்நிலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியையும் ஒரே விடைக்குச் செலவிடலாம். முதலில் வழி: 126இன் கீழ் ஒரு மாதத்துள் மனு. பின்னர் உரிமை: 12ஆம் உறுப்புரையின் சமத்துவம். அடுத்து, கலைக்கும் அதிகாரத்தை 33 தனியே தருகின்றது என்ற சட்டமா அதிபரின் வாதம். அவ்வதிகாரம் 70 இட்ட எல்லைக்குள்ளேயே இயங்கும் என்பது மன்றின் விடை. இறுதியில் கணக்கு: பாராளுமன்றம் முதலிற் கூடியது 2015 செப்டெம்பர் 1, நான்கரை ஆண்டு நிறைவது 2020 மார்ச் தொடக்கத்தில். எதிர்வாதத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதினால் அது செய்தியாகுமேயன்றி விடையாகாது.

நான்காம் வாரம் பழைய வினாக்களைக் கடிகாரம் வைத்து எழுதுக. ஓர் எச்சரிக்கை: 2020இன் இருபதாம் திருத்தம் நான்கரை ஆண்டை இரண்டரையாக்கிற்று. இன்றைய நாளிட்ட பிரச்சினை வினாவுக்குப் பழைய எண்ணைப் போட்டால், தர்க்கம் சரியாயினும் முடிவு தவறும். ஆகவே ஒவ்வொரு வழக்கின் தலைப்பிலும் ஆண்டையும் அன்றிருந்த திருத்தத்தையும் சிவப்பு மையினால் குறித்துக்கொள்க.

கடைசி நாள் மாலையில் அக்குறிப்புகளையன்றி வேறெதனையும் திறக்க வேண்டா.