கடை உங்களுது, கணக்கு யாருது?

ஒத்தக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "மூணு லட்சம் லோன் வேணும் சார்" என்று வந்தார். ரிட்டையரானாலும் பேங்க் புத்தி போகுமா?

"மாச வியாபாரம்?"

"ஒரு லட்சம்."

நாயக் கமிட்டி 1992-ல் சொன்ன கணக்குப்படி வருஷ விற்பனையில் 20 சதவீதத்தை பேங்க் தரும். 5 சதவீதம் நாம் போடணும். ஆக, 12 லட்சத்துக்கு 2.40 லட்சம்.

பாஸ்புக்கைப் புரட்டினேன். வருஷ வரவே 4 லட்சம்தான்! கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையில் விழும் பணமெல்லாம் மகன் கணக்குக்குப் போகுது. மேனேஜர் பாஸ்புக்கை நம்பினால் 80 ஆயிரம்தான் தேறும்.

"கடைப் பேரில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து அட்டையை மாத்துங்க. கொள்முதல் பில்லையும் சேர்த்து வையுங்க. ஆறு மாசம் கழிச்சு அப்ளிகேஷன் போடலாம்."

"மகன் சம்மதிக்கணுமே சார்!"

அதுக்கு எந்த பேங்க்கிலும் ஃபாரம் கிடையாது, அண்ணாச்சி.