இருபது மணி நேரம் என்றால் இருபது மணி நேரம்தான்



செப்டம்பர் சேர்க்கைக்காக இங்கிலாந்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏற்பாடு நமக்குத் தெரிந்த பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. போன வாரம் நம் ஊர்க் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "இருபது மணி நேரம்னு சும்மா எழுதி வச்சிருக்கான். அங்க யாரும் பார்க்கிறதில்ல. பையன் ரெண்டு வேலை பார்த்தா ஒரே வருஷத்துல கடனை அடைச்சிடலாம்." அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் கணக்கு படித்தவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பட்டப்படிப்பு அல்லது முதுகலை படிக்கப் பிரிட்டனுக்குப் போகும் மாணவர், கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய. இதில் சராசரி கிடையாது. ஒரு வாரம் 12 மணி நேரம் மட்டும் பார்த்தேன், அதனால் அடுத்த வாரம் 28 என்று சொன்னால், இரண்டாவது வாரம் மீறல்தான். எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் மொத்தமாகச் சேர்த்து 20. சம்பளம் வாங்காமல் சொந்தக்காரர் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும் அது வேலைக் கணக்கில் சேரும்.

இப்போது நீங்கள் கட்டைவிரல் காட்டிய கணக்குக்கு வருகிறேன்.

2025 ஏப்ரலில் அங்கே 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அதை வைத்தே கணக்குப் போடுவோம். இருபது மணி நேரத்துக்கு 244 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் வருடம் முழுக்க வேலை கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சுமார் 1,058 பவுண்டு வரும். அதே 2025 தொடக்கத்தில் விசாவுக்கு விண்ணப்பித்தவர், லண்டனுக்கு வெளியே வாழ மாதம் 1,136 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. லண்டன் என்றால் 1,483. இது அந்த அரசாங்கமே வைத்த அளவு. அதாவது, சட்டத்துக்கு உட்பட்டு முழுசாக உழைத்தாலும் சோறும் வாடகையும் தாண்டாது. இதில் கடனை எங்கே அடைப்பது?

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? 25 லட்சம் கடன், பதினோரு சதவீத வட்டி என்று வையுங்கள். பல கடன் நிறுவனங்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டச் சொல்கின்றன. மாதம் கிட்டத்தட்ட 22,900 ரூபாய். பவுண்டு 115 ரூபாய் என்று போட்டால் 200 பவுண்டு. "வட்டியை மட்டும் நீ பார்த்துக்க தம்பி" என்று வழியனுப்பும்போது அப்பா சொல்கிறார். இரண்டாம் தவணைக் கல்விக் கட்டணம் 6,000 பவுண்டு பாக்கி. "அதையும் அங்க போய் சமாளிச்சுக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்கிறார். விசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்டிய பணமோ, சித்தப்பாவிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டு 28 நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தது.

கூட்டிப் பாருங்கள். சாப்பாடு, வாடகைக்கு மேல் வட்டியும் சேர்ந்தால் மாதம் 278 பவுண்டு துண்டு விழுகிறது. அதற்கே வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த 6,000 பவுண்டுக்கு 491 மணி நேரம். இருபது வாரத்தில் அதைச் சம்பாதிக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு இன்னும் 25 மணி நேரம். மொத்தம் வாரம் ஐம்பது மணி நேரம் ஆயிற்று. பையன் விமானம் ஏறுவதற்கு முன்பே, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, அவன் சட்டத்தை மீறுவதற்கான கணக்கை நாம் போட்டு முடித்துவிட்டோம். பிறகு மாட்டிக்கொண்டால் "இவன் ஏன் இப்படிப் பண்ணினான்" என்று கேட்போம்.

"யாரும் பார்ப்பதில்லை" என்கிறீர்கள். பார்க்க ஆள் நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் முறையான சம்பளம் ஒவ்வொன்றும் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ அங்குள்ள வருவாய்த் துறைக்குக் கணினி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஆள் வழக்கமாக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்பவர், 16-க்குக் கீழா, 16 முதல் 24-க்குள்ளா, அதற்கு மேலா என்ற பிரிவும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. இரண்டு கடையில் பதினைந்து பதினைந்து மணி நேரம் பார்த்தால் கடைக்காரர்கள் இருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். வருவாய்த் துறைக்கு இரண்டும் ஒரே தேசியக் காப்பீட்டு எண்ணில்தான் வந்து உட்காருகின்றன. அந்தத் தகவலைக் குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்துறை கேட்டுப் பெற முடியும். அன்றைக்கு யாரும் கேட்காமல் இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து அடுத்த விசாவுக்குப் போகும்போது கேட்கலாம். அந்தப் பதிவு அழிவதில்லை.

"அப்படின்னா கையில காசா வாங்கிக்கலாமே" என்பது அடுத்த யோசனை. இதைச் சொல்பவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். கணக்கில் காட்டாமல் வேலை கொடுக்கிற முதலாளி குறைந்தபட்சக் கூலியைக் கொடுப்பானா? பையனால் யாரிடமும் போய் முறையிட முடியாது என்பது அவனுக்குத் தெரியும். குறைவாகத்தான் கொடுப்பான், சில சமயம் கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுக்கவே மாட்டான். 2016-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத வேலை என்று தெரிந்தே செய்வது குற்றம். அந்தச் சம்பளத்தையே குற்றத்தில் வந்த பணமாகக் கருதிப் பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. முதலாளிக்கும் அபராதம் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து முதல் முறைக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது விசாவைச் சரிபார்த்து, கல்லூரிப் பருவ அட்டவணையையும் வாங்கிக் கோப்பில் வைத்திருந்தால் அவர் தப்பிக்க வழியுண்டு. நம் பையனுக்கு அப்படி ஒரு கோப்பு கிடையாது.

நல்ல பிள்ளைகளே தெரியாமல் விழும் குழிகள் இரண்டு.

ஒன்று கோடைக்காலம். ஓராண்டு முதுகலையில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வகுப்பு இருக்காது. ஊரெல்லாம் விடுமுறை என்பார்கள். இளங்கலை மாணவர்களுக்கு அது விடுமுறைதான், முழு நேரம் வேலை பார்க்கலாம். முதுகலை மாணவர் அந்த மாதங்களில் ஆய்வேடு எழுதுகிறார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது படிப்புக் காலமாகத்தான் கணக்கு, 20 மணி நேரம்தான். அறையில் கூட இருக்கும் இளங்கலை மாணவன் 40 மணி நேரம் போகிறான் என்று இவனும் போனால், இவன் செய்தது மீறல். படிப்பு முடியும் தேதிக்குப் பிறகு விசா மிச்சம் இருக்கும் நாட்களில் முழு நேரம் பார்க்கலாம். அந்தத் தேதி எது, விடுமுறை எது என்று பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று சாப்பாடு டெலிவரி. மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது. செயலி வைத்துச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், சுயதொழில் செய்பவர்கள். 2023 நவம்பரில் டெலிவரூ வழக்கில், ரைடர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருப்பது தொழிலாளர் உறவு அல்ல என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே இதில் 20 மணி நேரம் என்ற பேச்சே வராது. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மீறல். வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது இன்னும் மோசம்.

மீறினால் என்ன ஆகும்? மீறியது தெரியவந்தால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்களுடைய உரிமம் அதில் இருக்கிறது, நம் பிள்ளைக்காக அதைப் பணயம் வைக்க மாட்டார்கள். விசா ரத்தாகலாம். படிப்பு பாதியில் நிற்கும், கட்டிய பணம் போகும், இங்கே கடன் மட்டும் அப்படியே இருக்கும். தன் செலவிலேயே ஊர் திரும்பினாலும் மீண்டும் விண்ணப்பிக்க ஒரு வருடத் தடை வரலாம். வெளியேற்றி அனுப்பினால், அல்லது விண்ணப்பத்தில் பொய் சொல்லி மாட்டினால், பத்து வருடம். வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் "இதற்கு முன் எங்காவது விசா மறுக்கப்பட்டதா, வெளியேற்றப்பட்டீர்களா" என்ற கேள்வி இருக்கும்.

இதைவிட எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. படிப்பை ஒழுங்காக முடித்தவருக்குப் பட்டதாரி விசா என்று ஒன்று உண்டு. 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்தால் இரண்டு வருடம், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். அதில் மணி நேரக் கட்டுப்பாடே இல்லை. சுயதொழிலும் செய்யலாம். முந்தைய மீறலைக் காட்டி அதை மறுக்க முடியும். ஒன்றரை வருட முழுச் சம்பளத்தை, ஐந்நூறு மணி நேரத் தட்டுக் கழுவும் கூலிக்காகப் பந்தயம் கட்டச் சொல்லித்தான் நாம் பிள்ளையை அனுப்புகிறோம். எந்த வியாபாரி இப்படிச் செய்வான்?

"எங்க அக்கா மகன் கனடாவுல கணக்கில்லாம வேலை பார்த்தான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்திருப்பான். 2022 நவம்பரிலிருந்து 2024 ஏப்ரல் வரை கனடா அரசே அந்த வரம்பைத் தளர்த்தியிருந்தது. இப்போது வாரம் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு தளர்வு இருந்து 2023 ஜூனில் முடிந்தது, இப்போது இரண்டு வாரத்துக்கு 48. அவர்கள் பொய் சொல்லவில்லை. வேறு நாட்டின், வேறு வருடத்தின் விதியை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள்.

விதி நியாயமா என்று கேட்டால், உள்ளூர் மாணவரைவிட அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு உழைப்புக்கு மட்டும் வேலி போடுகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அதை அங்கே போய் இறங்கிய 22 வயதுப் பிள்ளையின் முதுகில் வைத்து நிரூபிக்க வேண்டாம்.

ஆகவே, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தாள் எடுங்கள். பிள்ளையின் அங்குள்ள வருமானம் என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்கள். முழுக் கட்டணம், ஒன்பது மாதச் செலவு, படிக்கும் காலத்து வட்டி எல்லாம் அந்தப் பூஜ்யத்தோடு தேறுகிறதா பாருங்கள். தேறாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், அல்லது செலவு குறைந்த ஊரைப் பாருங்கள். தேறினால் அனுப்புங்கள். அங்கே இருபது மணி நேரத்தில் வருவது அவன் கைச்செலவுக்கு உதவட்டும்.

ஏற்கனவே அங்கே இருந்து, வரம்பைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் இதைப் படித்தால்: இந்த வாரமே நிறுத்துங்கள். சம்பளச் சீட்டுகளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை வாரவாரியாக எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ போங்கள், அடுத்த விசா விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே. வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் அப்பாவிடம் நான் பேசுகிறேன். அவரும் என்னிடம் படித்தவராகத்தான் இருப்பார்.