ரிசல்ட் வரலைன்னா, வரலைன்னே எழுதுங்க

மார்ச் மாதம் பிறந்தால் வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப்புக்கு ஊரிலிருந்து ரெஸ்யூமேக்கள் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, தம்பி ஃபைனல் இயர். உங்க கம்பெனியில கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்." நாமும் ஹெச்.ஆருக்கு அனுப்பி வைக்கிறோம். தப்பில்லை. ஆனால் அனுப்பும் முன் ஒரு வரியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பி.இ. மெக்கானிக்கல், 2022–2026."

இது பொய் இல்லை. ஆனால் ஷார்ஜாவில் இதைப் பார்க்கும் ஹெச்.ஆர். என்ன நினைப்பார்? பையன் படித்து முடித்துவிட்டான் என்றுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நடந்தது அதுதான். ஏப்ரலில் வீடியோ இன்டர்வியூ நன்றாகப் போனது. "சான்றிதழ்களை அனுப்புங்க, விசா வேலையை ஆரம்பிக்கலாம்" என்று மெயில் வந்தது. அப்போதுதான், "சார், இன்னும் எக்ஸாமே முடியல" என்றான். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. பையனிடம் குறை கண்டு யாரும் தள்ளவில்லை. மறைத்துவிட்டான் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் "எப்போ முடிக்கிறே?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வருடத்தைப் பதிலாக வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதில் மூன்று தேதிகள் இருக்கின்றன. கடைசித் தேர்வு எழுதும் நாள், ரிசல்ட் வரும் நாள், பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் நாள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடலாம். ரிசல்ட் வந்ததும் கிடைப்பது ப்ரொவிஷனல். பட்டம் பெரும்பாலும் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான்.

இங்கே மூன்றாவது தேதிதான் கழுத்தைப் பிடிக்கிறது. அமீரகத்தில் திறன்மிகு பணி என்று பதிவாகும் வேலைகளுக்குச் சான்றொப்பம் பெற்ற கல்விச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் மாநில அரசின் முத்திரை, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று அந்தத் தாள் படி ஏறி வர வேண்டும். ரிசல்ட்டே வராதவனுக்கு முதல் படியே கிடையாது. தேர்வு முடிந்த கையோடு 60 நாள் விசிட் விசாவில் வந்து இறங்குபவர்களின் கதையும் இதுதான். சான்றிதழ் வருவதற்குள் விசா முடிந்துவிடுகிறது.

ஆகவே ரெஸ்யூமேயில் அந்த வரி இப்படி இருக்கட்டும்: "பி.இ. மெக்கானிக்கல், எட்டாம் செமஸ்டர் நடக்கிறது. கடைசித் தேர்வு மே 2026. ரிசல்ட் எதிர்பார்ப்பது ஜூலை 2026. ஏழு செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. 7.8." தேதிகளை உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதுங்கள். போன வருடம் சீனியர்களுக்கு எப்போது வந்தது என்பதும் நல்ல கணக்கு. ஆன்லைன் படிவத்தில் பட்டம் முடித்த மாதம் கேட்டால், வரப்போகும் மாதத்தைப் போடுங்கள். "முடித்தாயிற்று" என்ற கட்டத்தைத் தொடாதீர்கள். "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று தேர்வு செய்ய வழியில்லாவிட்டால், கூட அனுப்பும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

அரியர் இருந்தால்? அதையும்தான். "ஐந்தாம் செமஸ்டர் பாடம் ஒன்று பாக்கி, இதே தேர்வில் எழுதுகிறேன்" என்பது ஒரு வரி. எழுதாமல் விட்டால் சி.ஜி.பி.ஏ. மட்டும் பார்த்து ஆஃபர் தருவார்கள். அந்த ஒரு பாடம் போனால் பட்டம் அடுத்த தேர்வு வரை தள்ளிப்போகும். அப்போது உங்களுக்காகப் பேசிய மாமாவின் முகம்தான் ஆபீஸில் வாடும்.

"இதையெல்லாம் எழுதினா கூப்பிடவே மாட்டாங்களே" என்பார்கள். உண்மைதான், அடுத்த வாரமே ஆள் வேண்டும் என்பவர் கூப்பிட மாட்டார். ஆனால் அந்த வேலையில் நீங்கள் எப்படியும் சேர முடியாது. ப்ராஜெக்ட் செப்டம்பரில் ஆரம்பிக்கிறது என்பவரோ, ஜூலை என்ற தேதியைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். தேதி இல்லாத ரெஸ்யூமேயை வைத்து அவரால் எந்தக் கணக்கும் போட முடியாது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஜூலை என்று எழுதிவிட்டு ரிசல்ட் தள்ளிப்போனால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே இரண்டு வரி மெயில் போடுங்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மார்க் ஷீட்டோடு இன்னொன்று. ஃபார்வர்டு செய்யும் அண்ணன்மார்களும் அனுப்பும் முன் ஒரு தடவை கேளுங்கள்: "தம்பி, கடைசி எக்ஸாம் என்னைக்கு?"